இன்வாய்ஸின் அடியில் அச்சாகும் நிபந்தனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக வசூல் கணக்குப் பார்க்கிறேன். பாக்கி நின்றுபோன பிறகு வருகிறவர்கள் முதலில் என்னிடம் நீட்டுவது இன்வாய்ஸைத்தான். அதன் அடியில் உள்ள சின்ன எழுத்து வரிகளைக் காட்டி, "இதில் போட்டிருக்கிறதே, இனி என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். குறை சொல்லும் கெடு, பணம் வரும்வரை சரக்கு யாருடையது, தாமத வட்டி ஆகிய மூன்றைப் பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு. அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். மாற்றம் பெரிதாக இருக்கும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

"பில்லின் அடியில் அச்சடித்துவிட்டோம். வாங்கியவரை அது கட்டுப்படுத்துமா?"

பெரும்பாலும் அது மட்டும் போதாது. காரணம் காலவரிசை. விலை கேட்டார், கொட்டேஷன் கொடுத்தீர்கள், ஆர்டர் போட்டார், ஏற்றுக்கொண்டீர்கள். ஒப்பந்தம் அங்கேயே முடிந்துவிட்டது. சரக்கு புறப்படும்போதோ அதற்குப் பிறகோதான் இன்வாய்ஸ் போகிறது. முடிந்துபோன ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு மட்டும் புதிதாக வரி சேர்க்க முடியாது.

இங்கிலாந்தில் 1949-இல் தீர்ப்பான ஒரு ஹோட்டல் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வரவேற்பு மேசையில் பணம் கட்டி அறை எடுத்த பெண்ணின் ரோமக் கோட்டு திருடுபோனது. "திருட்டுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற அறிவிப்பு அறைக்குள் சுவரில் இருந்தது. ஒப்பந்தம் கீழே மேசையிலேயே முடிந்துவிட்டது, அதன்பின் மாடியில் பார்க்கிற அறிவிப்பு அதில் சேராது என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் இன்வாய்ஸின் அடிவரியும் பல சமயம் அந்த மாடிச் சுவர் அறிவிப்பைப் போலத்தான்.

வழி எளிது. அதே நிபந்தனைகளை முதலில் கொட்டேஷனிலும், ஆர்டரை உறுதிசெய்யும் கடிதத்திலும் போடுங்கள். புது வாடிக்கையாளருக்குக் கடன் கணக்கு திறக்கும்போது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். அதன்பின் இன்வாய்ஸில் வருவது ஏற்கெனவே ஒத்துக்கொண்டதை நினைவூட்டும் வரி. அப்போதுதான் அதற்குப் பலம்.

இன்னொரு சின்ன விஷயம். நிபந்தனைகளைத் தாளின் பின்பக்கம் அச்சடித்துவிட்டு, முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புகிற வழக்கத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு பின்பக்கத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அனுப்பும் ஃபைலில் எத்தனை பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

"அஞ்சு வருஷமா அதே பில்லைத்தான் வாங்குறாங்க. ஒருதடவையும் மறுத்ததில்லை. இதுகூடப் போதாதா?"

சில நேரம் போதும். தொடர்ந்த வியாபார வழக்கத்தால் நிபந்தனை ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டது என்று வாதாடலாம். எத்தனை முறை, எவ்வளவு சீராக என்பதைத்தான் பார்ப்பார்கள். இங்கிலாந்தின் இரண்டு வழக்குகளை அடுத்தடுத்து வைத்தால் அளவு புரியும். கால்நடைத் தீவன வியாபாரிகளுக்கு இடையிலான ஒன்றில், மூன்று வருடமாக மாதம் மூன்று நான்கு முறை, வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மறுநாள் நிபந்தனை அச்சிட்ட தாள் போய்க்கொண்டிருந்தது. நிபந்தனை சேர்ந்துவிட்டது என்று 1968-இல் தீர்ப்பு. ஒரு வாகனப் பழுதுக் கடை வழக்கில், ஐந்து வருடத்தில் மூன்று நான்கு முறைதான் வேலை நடந்திருந்தது. அது போதாது என்று 1971-இல் தீர்ப்பு.

ஆகவே உங்கள் ஐந்து வருடத்தில் எத்தனை பில் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். மாதா மாதம் போயிருந்தால் பேச இடம் இருக்கிறது. வருடத்துக்கு ஒன்று என்றால் அதை நம்பி வக்கீல் செலவு செய்ய வேண்டாம்.

"அவங்க பர்ச்சேஸ் ஆர்டரில் 60 நாள், எங்க பில்லில் 30 நாள். எது செல்லும்?"

அவர்கள் ஆர்டரை வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் சரக்கை அனுப்பியிருந்தால், பெரும்பாலும் 60. அனுப்பியதே அவர்கள் நிபந்தனையை ஏற்றதற்கு அடையாளமாகிவிடும். உங்கள் 30 நாள் ஆர்டருக்குப் பிறகு வந்த தாளில் இருக்கிறது. ஆர்டர் வந்த அன்றே "எங்கள் நிபந்தனைப்படி, 30 நாள் கெடுவில் ஏற்கிறோம்" என்று எழுதி அனுப்பி, அதன்பின் அவர்கள் சரக்கைப் பெற்றுக்கொண்டிருந்தால் நிலைமை உங்கள் பக்கம் சாயும். அமெரிக்காவில் இந்த முரண்பாட்டுக்குத் தனி விதியே உண்டு, அங்கே கணக்கு வேறு மாதிரி போகும். எங்கே இருந்தாலும் ஆர்டரில் உள்ள கெடு நாளை, சரக்கு ஏற்றும் முன் ஒருவர் படித்தாக வேண்டும். ஆர்டரில் அளவையும் விலையையும் மட்டும் பார்த்துவிட்டு மீதியை விடுவதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது.

"குறை இருந்தா 7 நாளுக்குள் சொல்லணும்னு போட்டிருக்கோம். எட்டாம் நாள் புகார் வந்தா தள்ளிடலாமா?"

முதலில் எந்த நாளிலிருந்து ஏழு நாள் என்று பாருங்கள். நிறைய பில்களில் "இன்வாய்ஸ் தேதியிலிருந்து" என்று இருக்கும். அதில்தான் வம்பு. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம், கடைசிவரை இதையே வைத்துப் பேசலாம். 24 மோட்டார்கள், ஒவ்வொன்றும் 20,000, மொத்தம் 4,80,000. நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். இன்வாய்ஸ் தேதி மார்ச் 3. லாரி சேர்ந்தது மார்ச் 9 மாலை. இன்வாய்ஸ் தேதியிலிருந்து எண்ணினால் கெடு மார்ச் 10-இல் முடிகிறது. வாங்கியவர் கையில் உண்மையில் இருந்தது ஒரே ஒரு நாள். மார்ச் 12-இல் பெட்டியைத் திறந்து மூன்று மோட்டார் ஓடவில்லை என்று எழுதுகிறார். "கெடு முடிந்தது" என்று தள்ளினால் நடுநிலையாகப் பார்க்கிற யாரும் உங்கள் பக்கம் நிற்கமாட்டார்கள். சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணும்படி வரியை மாற்றினால், கெடு மார்ச் 16 ஆகிறது. அப்போது அதை உறுதியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, எந்த மாதிரிக் குறை. எண்ணிக்கை குறைவு, பெட்டி நசுங்கல், மாடல் மாறிப்போனது எல்லாம் பார்த்த உடனே தெரியும். இவற்றுக்கு ஏழு நாள் தாராளம். மோட்டார் இரண்டு மாதம் ஓடிய பிறகு பேரிங் போனால் அதை ஏழு நாளில் எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே மறைந்திருக்கும் குறைக்கும் அதே கெடுவைத் திணிக்கும் வரியைப் பல நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. நாடு தாண்டிய சரக்கு விற்பனைக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, 1980, இதை நிதானமாகக் கையாள்கிறது. வாங்கியவர் சூழ்நிலை அனுமதிக்கும் அளவுக்குச் சீக்கிரம் சோதிக்க வேண்டும், குறையைக் கண்டபின் நியாயமான காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும், எப்படியானாலும் சரக்கு கைமாறிய நாளிலிருந்து இரண்டு வருடம் கடந்தால் உரிமை போய்விடும் என்கிறது. இந்த இரண்டு வருட எல்லையை ஒப்பந்தத்தில் மாற்றிக்கொள்ளவும் இடம் தருகிறது.

மூன்றாவதாக, விலையோ வரித்தொகையோ கணக்கில் தப்பாக விழுந்திருந்தால் அது சரக்கின் குறை இல்லை, பில்லின் பிழை. இதற்கு இன்வாய்ஸ் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவதே சரி. ஆக ஒரே வரியில் மூன்று விதக் குறையையும் அடைக்கப் பார்ப்பதால்தான் வரி பலவீனமாகிறது. நான் எழுதிக் கொடுப்பது இப்படி:

"எண்ணிக்கைக் குறைவு, வெளியில் தெரியும் சேதம் இவற்றைச் சரக்கு கிடைத்த 7 நாளுக்குள்ளும், வெளியில் தெரியாத குறையை அது தெரியவந்த 7 நாளுக்குள்ளும் எழுத்து மூலம் தெரிவிக்கவும். பில்லில் உள்ள பிழையை பில் கிடைத்த 15 நாளுக்குள் தெரிவிக்கவும். சர்ச்சை இல்லாத தொகையைக் கெடுவுக்குள் செலுத்தவும்."

"கடைசி வாக்கியம் எதுக்கு?"

அதுதான் இந்த வரியின் உயிர். 24 மோட்டாரில் மூன்று ஓடவில்லை. சர்ச்சைக்குரியது 60,000. மீதி 4,20,000-க்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? வாங்கியவரின் கணக்குப் பிரிவு இன்வாய்ஸ் முழுவதையும் நிறுத்திவைக்கிறது. அவர்களுடைய மென்பொருளில் ஒரு இன்வாய்ஸைப் பாதியாகப் பிரித்து நிறுத்த வழி இருக்காது, அல்லது யாருக்கும் தெரியாது. மூன்று மோட்டாருக்காக 24 மோட்டாரின் பணம் மாதக்கணக்கில் தூங்கும்.

இந்த வாக்கியம் முன்பே ஒத்துக்கொள்ளப்பட்டிருந்தால், புகார் வந்த அன்றே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூன்று மோட்டாருக்கு 60,000-க்கு ஒரு தற்காலிக கிரெடிட் நோட் போட்டு அனுப்பிவிடுங்கள். இப்போது அவர்கள் லெட்ஜரில் அந்த இன்வாய்ஸுக்கு எதிராக 4,20,000 சுத்தமாக நிற்கிறது, நிறுத்திவைக்கக் காரணம் இல்லை. மோட்டாரைச் சோதித்துப் பார்த்து அவர்கள் கையாண்டதில்தான் பழுது என்று தெரிந்தால், அந்த 60,000-க்கு மறுபடி பில் போடலாம். தற்காலிகமானது, சோதனை முடிவைப் பொறுத்தது என்று கிரெடிட் நோட்டிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் குறையை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

"நான் வாங்குற பக்கம். லாரிக்காரர் நின்னுட்டு கையெழுத்து கேக்கறார். எண்ணிப் பார்க்க நேரமில்லை. போடலாமா?"

போடுங்கள், ஆனால் கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் கையாலேயே "பெட்டிகள் 6 பெறப்பட்டன, உள்ளே உள்ளவை சோதிக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். நசுங்கிய பெட்டி இருந்தால் எந்தப் பெட்டி என்று அதிலேயே குறியுங்கள், லாரி நிற்கும்போதே படம் எடுங்கள். டெலிவரி சலானில் "நல்ல நிலையில் பெற்றேன்" என்று முன்கூட்டியே அச்சடித்திருப்பார்கள். அதன்மேல் வெறும் கையெழுத்து விழுந்தால் பின்னால் உங்கள் வாயை அடைக்க அதையே காட்டுவார்கள். புகாரைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அதே நாளில் இன்வாய்ஸ் எண்ணோடு மின்னஞ்சல் ஒன்று போகட்டும்.

"முழுப் பணம் வரும்வரை சரக்கு எங்களுடையதேன்னு போட்டிருக்கோம். பணம் வரலைன்னா போய் எடுத்துட்டு வந்திடலாமா?"

நேராகப் போய்க் கதவைத் திறந்து எடுத்துவர முடியாது. சரக்கு உங்களுடையதாக இருக்கலாம், கிடங்கு அவர்களுடையது. உள்ளே வந்து எடுத்துக்கொள்ள அனுமதி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இருந்தாலும் அவர்கள் வாசலில் மறித்தால் நீதிமன்ற ஆணையோடுதான் போக வேண்டும்.

இந்த நிபந்தனை வாங்கியவர் நன்றாக இருக்கும்போது பெரிதாக உதவாது. அதற்கு வேலை வருவது அவர் திவாலாகும்போது. அப்போது சொத்தையெல்லாம் திரட்டி, பிணையுள்ள வங்கிக்கு முதலில் கொடுத்து, மிச்சத்தைத்தான் மற்றவர்களுக்குப் பங்கிடுவார்கள். பில் பணம் வரவேண்டிய சாதாரண வியாபாரிக்குப் பல சமயம் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் கிடங்கில் இருக்கும் 24 மோட்டார் இன்னும் உங்களுடையது என்றால், அது திவாலானவரின் சொத்தே இல்லை. பங்கீட்டு வரிசைக்கு வெளியே நிற்கிறீர்கள்.

இதை உலகம் முழுக்கப் பேச வைத்தது 1976-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ரோமால்பா வழக்கு. அலுமினியத் தகடு விற்ற நெதர்லாந்து நிறுவனம் தன் நிபந்தனையில் உரிமையைத் தன்னிடமே வைத்திருந்தது. வாங்கிய நிறுவனம் விழுந்தபோது, இன்னும் பயன்படுத்தாமல் கிடந்த தகட்டைத் திரும்பப் பெற்றது. ஏற்கெனவே அப்படியே விற்கப்பட்ட தகட்டுக்கு வந்த பணத்தின்மீதும் உரிமை பெற்றது. அதனால்தான் ஆங்கிலேய வழக்கறிஞர்கள் இன்றும் இந்த நிபந்தனையை ரோமால்பா என்றே அழைக்கிறார்கள்.

"சரக்கை வேற பொருளோட சேர்த்துட்டாங்க. அப்பவும் எங்களுடையதா?"

பிரித்தெடுக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. ரோமால்பாவுக்குப் பின் வந்த ஒரு வழக்கில் சிப்போர்டு செய்யும் ஆலைக்குப் பிசின் விற்றவர் உரிமை கேட்டார். பிசின் மரத்தூளோடு கலந்து பலகையாகிவிட்டது. பிசின் என்ற பொருளே இல்லை, ஆகவே உரிமையும் இல்லை என்றார்கள். 1984 வாக்கில் தீர்ப்பான மற்றொன்றில் டீசல் எஞ்சின்கள் ஜெனரேட்டர்களில் பொருத்தப்பட்டிருந்தன. போல்ட்டைக் கழற்றினால் சில மணி நேரத்தில் எஞ்சின் முழுசாக வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை எண் வேறு. எஞ்சின் எஞ்சினாகவே இருக்கிறது, விற்றவர் உரிமை போகவில்லை என்று தீர்ப்பானது.

ஆகவே உங்கள் சரக்கு எந்த ரகம் என்று யோசியுங்கள். மாவு, சாயம், பசை, நூல் விற்றால் இந்த வரி உங்களைக் காப்பாற்றும் காலம் கிடங்கில் மூட்டை பிரிக்காமல் கிடக்கும்வரைதான். மோட்டார், பம்ப், கணினி, சக்கரம் விற்றால் வரிக்கு நீண்ட ஆயுள்.

எதுவானாலும் ஒரு எல்லை உண்டு. அவர்கள் அதை நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிய மூன்றாவது ஆளுக்கு விற்றுவிட்டால், அவரிடம் போய்க் கேட்க முடியாது என்பதே பெரும்பாலான சட்டங்களின் நிலை.

"வரி இருந்தும் சரக்கை மீட்க முடியாமப் போறது எதனால?"

எனக்கு நேரடியாக நடந்ததைச் சொல்கிறேன். ஒரே மாடல் பம்ப் 60, இரண்டு தவணையாக முப்பது முப்பதாக அனுப்பினோம். முதல் இன்வாய்ஸுக்குப் பணம் வந்துவிட்டது. இரண்டாவதுக்கு வரவில்லை. அவர்கள் விழுந்துவிட்டார்கள். திவாலான அந்த நிறுவனத்தின் நிர்வாகம் ஏற்றவரோடு கிடங்குக்குப் போனால் 22 பம்ப் இருக்கிறது. எங்கள் வரி சரியாக இருந்தது, ஒத்துக்கொண்ட கையெழுத்தும் இருந்தது. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த 22-இல் பணம் கட்டியது எது, கட்டாதது எது? பம்பின் மேல் வரிசை எண் பொறித்த தகடு இருந்தது. எங்கள் இன்வாய்ஸில் "பம்ப், 30 எண்ணம்" என்று மட்டும் இருந்தது. எந்த எண் எந்தத் தவணையில் போனது என்று எங்களிடமே பதிவு இல்லை. 22-ம் முதல் தவணையாகவே இருக்கலாமே என்றார். பதில் இல்லை. வெறுங்கையோடு திரும்பினோம். கண்முன்னே இருந்த சரக்கு, இன்றும் நினைத்தால் மனசு கேட்பதில்லை.

அதிலிருந்து இரண்டு வேலை செய்கிறேன். ஒன்று, இன்வாய்ஸிலும் டெலிவரி சலானிலும் வரிசை எண் அல்லது பேட்ச் எண் இல்லாமல் சரக்கு வெளியே போகாது. இரண்டு, நிபந்தனையில் "இந்த இன்வாய்ஸின் தொகை" என்பதற்குப் பதில் "வாங்குபவர் எங்களுக்குத் தர வேண்டிய எல்லாத் தொகையும் வரும்வரை" என்று எழுதுகிறோம். அப்படி இருந்திருந்தால் இரண்டாம் தவணை பாக்கி இருந்ததால் முதல் தவணை பம்பும் எங்களுடையதாகவே நின்றிருக்கும், அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

வேகமும் முக்கியம். திவால் செய்தி வந்த அன்றே நிர்வாகம் ஏற்றவருக்குக் கடிதம் போக வேண்டும். கையெழுத்திட்ட நிபந்தனை, இன்வாய்ஸ்கள், வரிசை எண் பட்டியல், இருப்பை எண்ண அனுமதி கேட்கும் வேண்டுகோள், நான்கும் ஒரே மடலில். நாள் போகப்போகச் சரக்கு விற்றோ கரைந்தோ போகும்.

"இந்த வரி எல்லா நாட்டிலும் செல்லுமா?"

ஒரே மாதிரி செல்லாது. அமெரிக்காவில் உரிமையை வைத்துக்கொள்வதாக எழுதினாலும், சரக்கு போய்ச் சேர்ந்தபின் அது பிணை உரிமையாக மட்டுமே பார்க்கப்படும். அந்தப் பிணையை முறைப்படி பதிவு செய்யாவிட்டால், பதிவு செய்த வங்கி உங்களை முந்திவிடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் தனிநபர் சொத்துப் பிணைச் சட்டத்தின் கீழ் ஆன்லைன் பதிவேட்டில் பதிய வேண்டும். அங்கே அடிவரியை மட்டும் நம்பியவர்கள், தங்கள் சரக்கு மற்றவர் கடனுக்குப் போவதைப் பார்த்து நின்றிருக்கிறார்கள். வெளிநாட்டுக்குக் கடனில் அனுப்பும் முன், அந்த நாட்டில் பதிவு உண்டா என்ற ஒரு கேள்வியை அங்குள்ள வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

"சரக்கு இன்னும் எங்களுடையதுன்னா, அங்கே தீப்பிடிச்சா நஷ்டம் எங்களுக்கா?"

எழுதாமல் விட்டால் அப்படி ஆகும் வாய்ப்பு உண்டு. பல சட்டங்களில், வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாதவரை, நஷ்டப் பொறுப்பு உரிமையோடு சேர்ந்தே நிற்கும். உரிமையைப் பிடித்துவைக்கும் அதே வரியில் "சரக்கு ஒப்படைத்த நேரத்திலிருந்து சேதப் பொறுப்பு வாங்குபவருடையது, அவர் அதைக் காப்பீடு செய்ய வேண்டும்" என்று சேர்த்துவிடுங்கள். இதைச் சேர்க்காத பில்களை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

"24 சதவீத வட்டின்னு போட்டிருக்கோம். வசூலிக்க முடியுமா?"

முன்பே ஒத்துக்கொண்ட விகிதமாக இருந்து, மிகையாகவும் இல்லாவிட்டால் முடியும். வட்டி தாமதத்தால் உங்களுக்கு ஆகும் செலவையும் உங்கள் நியாயமான வணிக நலனையும் ஒட்டி இருக்க வேண்டும், பயமுறுத்தும் அபராதமாக இருக்கக் கூடாது என்பது பல நாட்டுச் சட்டங்களின் அடிப்படை. அதிகம் என்று தோன்றினால் நீதிமன்றம் குறைத்துவிடும்.

ஒன்றும் எழுதாவிட்டாலும் சட்டமே வட்டி தரும் இடங்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-இன் தாமதக் கட்டண உத்தரவுப்படி, வணிகங்களுக்கு இடையே, ஐரோப்பிய மத்திய வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் குறைந்தது 8 சதவீதப் புள்ளி வட்டியும், வசூல் செலவாகக் குறைந்தது 40 யூரோவும் கேட்கலாம். அதைவிடக் குறைவாக உங்கள் பில்லில் நீங்களே எழுதிவைத்து, சட்டம் தந்ததை இழந்துவிட வேண்டாம்.

"வட்டியை எப்படிக் கணக்குப் போடறது? ஆளுக்கு ஒரு தொகை சொல்றாங்க."

வரியில் தெளிவு இல்லாததால்தான் ஆளுக்கு ஒன்று வருகிறது. நம் 4,80,000 கணக்கையே, மூன்று மோட்டார் புகார் இல்லை என்று வைத்து எடுப்போம். கெடு இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாள், அதாவது ஏப்ரல் 2. பணம் வந்தது மே 19. தாமதம் 47 நாள். "வருடத்துக்கு 18 சதவீதம், நாள் கணக்கில்" என்று எழுதியிருந்தால்:

```
4,80,000 × 18/100 × 47/365 = 11,125.48
```

"மாதத்துக்கு 1.5 சதவீதம், மாதத்தின் பகுதியும் முழு மாதமே" என்று எழுதியிருந்தால் 47 நாள் இரண்டு மாதமாகி, வட்டி 14,400. இரண்டும் பார்வைக்கு ஒரே விகிதம்தான், ஆனால் 3,274.52 வித்தியாசம். வெறும் "மாதம் 1.5" என்று மட்டும் இருந்தால் நீங்கள் ஒன்றும் அவர்கள் ஒன்றும் போடுவீர்கள். வட்டிக்கு வட்டி உண்டா என்று எழுதாவிட்டால் அது இல்லை என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

இடையில் கொஞ்சம் பணம் வந்தால்? ஏப்ரல் 22-இல் 2,00,000 வந்தது என்று வைப்போம். முதல் 20 நாளுக்கு 4,80,000-க்கு வட்டி 4,734.25. மீதி 27 நாளுக்கு 2,80,000-க்கு 3,728.22. மொத்தம் 8,462.47. இது வந்த பணம் முழுவதும் அசலில் கழிந்தது என்று போட்ட கணக்கு. முதலில் வட்டியில் கழித்தால் தொகை சற்று கூடும். எதில் முதலில் கழிப்பீர்கள் என்பதையும் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

சர்ச்சையோடு வரும் கணக்கில் இன்னொரு திருத்தம் உண்டு. மூன்று மோட்டார் புகார் நியாயமானது என்றால், 60,000-க்கு வட்டி கேட்க முடியாது. 4,20,000-க்கு 47 நாள் வட்டி 9,734.79 மட்டுமே. முழுத் தொகைக்கும் வட்டி போட்டு அனுப்பினால், அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் மறுப்பார்கள்.

"இதுவரை யாரிடமும் வட்டி கேட்டதே இல்லை. திடீர்னு இப்போ கேட்கலாமா?"

கேட்கலாம், ஆனால் பழைய தாமதங்களுக்குப் பின்னோக்கிப் போட வேண்டாம். வருடக்கணக்கில் கேட்காமல் விட்டது, அந்த உரிமையைக் கைவிட்டதாக வாதாட அவர்களுக்கு இடம் கொடுக்கும். "அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வெளியாகும் இன்வாய்ஸ்களுக்கு, ஒப்பந்தப்படியான வட்டியைக் கணக்கிடுவோம்" என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, அந்தத் தேதிக்குப் பின் தவறாமல் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் தனி டெபிட் நோட்டாகப் போடுங்கள், சரக்கு பில்லோடு சேர்க்க வேண்டாம். சேர்த்தால் வட்டியில் வரும் தகராறு பில்லையும் நிறுத்திவிடும்.

என் அனுபவத்தில் வட்டி டெபிட் நோட்டின் பெரிய பயன் அந்தப் பணமே இல்லை. அது பேச்சில் விட்டுக்கொடுக்கக் கையில் இருக்கும் பொருள். நம் கணக்கில் மே 19-இலும் பணம் வரவில்லை என்று வைப்போம். "அசல் 4,80,000-ஐ மே 25-க்குள் கட்டினால் 11,125.48-ஐ விட்டுவிடுகிறோம், 26-ஆம் தேதி ஆனால் சேர்த்தே கேட்போம்" என்று எழுத்தில் அனுப்புங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்குத் தன் மேலாளரிடம் காட்ட ஒரு காரணம் கிடைக்கிறது. தேதி போட்டு விட்டுக்கொடுத்ததால் உரிமையும் உங்களிடமே இருக்கிறது.

"பிழை, விடுபடல் நீங்கலாக, இன்ன ஊர் நீதிமன்ற எல்லைக்குட்பட்டது... இதெல்லாம் வேணுமா?"

முதலாவது, தட்டச்சுப் பிழையையோ விட்டுப்போன வரியையோ பின்னால் திருத்த இடம் வைத்துக்கொள்ளும் வழக்கமான வரி. இருந்தால் கெடுதல் இல்லை, வேண்டுமென்றே போட்ட தவறான விலையை அது காப்பாற்றாது. இரண்டாவது, வாங்குபவர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால் பயனுள்ளது, முன்பே ஒத்துக்கொண்டிருந்தால் மட்டும். அங்கே கிடைக்கும் தீர்ப்பை அவர்கள் நாட்டில் அமல்படுத்த முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் ஊர்ப் பெயரைப் போட வேண்டும்.

"தனிநபருக்கு விற்கும்போதும் இதே வரிகளைப் போடலாமா?"

வேண்டாம், தனியாக எழுதுங்கள். வணிகத்துக்கு வாங்குபவரும் வீட்டுக்கு வாங்குபவரும் சட்டத்தின் கண்ணில் வேறு. நுகர்வோருக்கு ஏழு நாள் கெடு வைத்து அவருடைய சட்ட உரிமையைக் குறைக்கும் வரி பல நாடுகளில் செல்லாது, சில இடங்களில் அதை அச்சடிப்பதே தவறாக எடுத்துக்கொள்ளப்படும். இரண்டு விதமாகவும் விற்கிறவர்கள் பில்லிங் மென்பொருளில் இரண்டு அடிக்குறிப்பு வைத்து, வாடிக்கையாளர் பதிவில் எது என்று குறித்துவிட்டால் தானாக மாறி அச்சாகும்.